முதலில் இரண்டு கோடு, இப்போது ஒரு கோடு: கலைந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளலாமா?

சாம்பல்தீவுக்காரி | திங்கள், இரவு 8.40

என் தம்பியின் மனைவிக்காக எழுதுகிறேன். மச்சாளுக்கு 24 வயது, இது முதல் பிள்ளை. நாள் தள்ளி ஒரு கிழமையில் வீட்டில் பார்த்தோம். இரண்டு கோடும் நல்ல கடும் சிவப்பாக வந்தது. மாமி அன்றைக்கே பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

இப்போது கணக்குக்கு 11 வாரம். மூன்று நாளாகக் கபில நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படுகிறது. நேற்றுப் பின்னேரம் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கே சலம் எடுத்துப் பார்த்தார்கள், ஒரு கோடுதான். "கர்ப்பம் கலைந்துவிட்டது, இனி தானாக வெளியேறிவிடும், அதிகமாகப் பட்டால் வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் செய்கிறவர் நேற்று வரவில்லையாம். தம்பிக்கு மனம் கேட்காமல் பாமசியில் வேறு இரண்டு வாங்கி வந்து இன்றைக்குப் பார்த்தான். இரண்டிலும் ஒரே ஒரு கோடு.

என் கேள்வி இதுதான். கலைந்துவிட்டது என்றால் சத்தி நின்றிருக்க வேண்டுமே? நிற்கவில்லை. முன்பைவிடக் கூடிவிட்டது. தண்ணீர் குடித்தாலும் வெளியே வருகிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

உப்புவெளி மாமி | திங்கள், இரவு 9.05

மகள், கவலைப்படாதே. டெஸ்ட் எப்போதும் விடியக்காலை எழும்பின உடனே போகிற சலத்தில்தான் பார்க்க வேண்டும். பகலில் தண்ணீர் குடித்த பிறகு பார்த்தால் சலம் மெலிந்து போய்விடும், கோடு வராது. என் மூத்த மகளுக்கும் இப்படித்தான் பின்னேரம் பார்த்து இல்லை என்றார்கள், விடியப் பார்த்தபோது இருந்தது. நாளைக்கு விடிய, தண்ணீர் குடிக்காமல் ஒன்று பாருங்கள்.

மூதூர் ரகு | திங்கள், இரவு 9.20

அக்கா, இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஹூக் எஃபெக்ட். கொக்கி விளைவு. ஹோர்மோன் மிதமிஞ்சிப் போனால் டெஸ்ட் தலைகீழாக ஏமாற்றிவிடும். ஹோர்மோன் கூட என்றால் இரட்டைப் பிள்ளை. என் சித்தப்பா மகளுக்கும் கடைசியில் இரட்டைதான். ஸ்கேன் செய்து பாருங்கள், நல்ல செய்தி வரும்.

கண்ணாடிக்குழாய் | திங்கள், இரவு 9.48

சாம்பல்தீவு அக்கா, நான் 19 வருடமாக ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவன். முதலில் அவசரமானதைச் சொல்கிறேன், விளக்கம் பிறகு. நாளைக்குக் காலையில் மச்சாளை ஸ்கேன் வசதி உள்ள வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் இரத்தம் கூடினாலோ, வயிறு குத்தினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

நான் இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கதையில் ஒரு விஷயம் பொருந்தவே இல்லை. கர்ப்பம் உண்மையாகவே கலைந்தால் டெஸ்ட் உடனே ஒரு கோட்டுக்கு வராது. கர்ப்ப ஹோர்மோனான எச்.சி.ஜி. இரத்தத்திலிருந்து மெதுவாகத்தான் வடியும். 11 வாரத்தில் பல்லாயிரக்கணக்கில் இருந்த ஹோர்மோன், சலக் குச்சி பிடிக்கிற 25 அலகுக்குக் கீழே இறங்க வாரக் கணக்கில் எடுக்கும். அதனால் கலைந்து இரண்டு, மூன்று வாரம் கழித்துக்கூட இரண்டு கோடு வருகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் மச்சாளுக்கு இரத்தம் படத் தொடங்கி மூன்று நாள்தான். அதற்குள் வெறும் ஒரு கோடு என்றால், ஹோர்மோன் இல்லாமல் போய்விட்டது என்பதைவிட டெஸ்ட் அதைக் காணத் தவறுகிறது என்பதற்குத்தான் இடம் கூட.

ரகு சொன்ன பெயர் சரி. ஆனால் இரட்டை என்று சொல்லி ஆறுதல் படுத்த இது நேரமில்லை. இரட்டையில் ஹோர்மோன் கூடும், உண்மைதான். ஆனால் சத்தி, இரத்தம், மறைந்துபோன கோடு மூன்றும் சேர்ந்து வந்தால் நான் முதலில் நினைப்பது வேறொன்றை. அதை ஸ்கேனுக்கு முன் இங்கே எழுதி உங்களைக் கலங்கடிக்க விரும்பவில்லை.

மாமி சொன்னது நாள் தள்ளிய முதல் கிழமைக்குச் சரியான புத்திமதி. 11 வாரத்தில் அது எதிர்மாறாக வேலை செய்யும். விடியச் சலத்தில் ஹோர்மோன் இன்னும் செறிவாக இருக்கும், கோடு இன்னும் மங்கும்.

தம்பலகாமம் வயல் | திங்கள், இரவு 10.10

அண்ணா, எனக்கு இது விளங்கவில்லை. உப்பு கூடினால் கறி கரிக்கும், கூடக் கூட இன்னும் கரிக்கும். ஹோர்மோன் கூடினால் கோடு எப்படிக் குறையும்?

கண்ணாடிக்குழாய் | திங்கள், இரவு 10.37

நல்ல கேள்வி. எங்கள் ஊர்க் கடற்கரையையே வைத்துச் சொல்கிறேன்.

கரையில் வரிசையாக முளைகள் அடித்திருக்கின்றன. கடலில் இருந்து சிவப்புத் தோணிகள் வருகின்றன. முளையிலும் தோணியிலும் கயிறு இல்லை, கயிற்றைப் பிடிக்கிற கொக்கி மட்டும் உண்டு. கயிறு தனியாகத் தண்ணீரில் மிதந்து வருகிறது. ஒரு கயிற்றின் ஒரு முனை தோணியிலும் மறுமுனை முளையிலும் மாட்டினால் தோணி கரையில் நிற்கும். தோணிகள் வரிசையாக நின்றால் தூரத்தில் இருந்து பார்ப்பவனுக்குச் சிவப்புக் கோடு தெரியும்.

குச்சியில் டி என்று போட்ட இடத்தில்தான் அந்த முளைகள் இருக்கின்றன. அவை ஒரு வகை அன்டிபொடி. சலம் ஊறுகிற இடத்துக்குப் பக்கத்தில் உலர்த்தி வைத்த சிவப்புத் தங்கத் துகள்கள்தான் தோணி, அவற்றில் ஒட்டியிருப்பது இன்னொரு அன்டிபொடி. எச்.சி.ஜி. தான் கயிறு.

இப்போது கயிறு அளவுக்கு மிஞ்சி வந்தால் என்ன நடக்கும்? ஒவ்வொரு தோணியும் தனக்கென்று ஒரு கயிற்றை மாட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு முளையிலும் ஏற்கெனவே வேறொரு கயிறு தொங்கும். தோணிக்காரன் கையில் கயிறு இருக்கிறது, முளையிலும் கயிறு இருக்கிறது, ஆனால் இரண்டையும் இணைக்கிற கயிறு ஒன்றும் இல்லை. தோணிகள் அப்படியே கடந்து போய்விடும். கரை வெறுமை. கயிறு ஒன்றுகூட இல்லாத நாளிலும் கரை இப்படித்தான் இருக்கும். பார்க்கிறவனுக்கு இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சி கோடு வந்தால் டெஸ்ட் சரியாக வேலை செய்தது என்று பெட்டிக்குள் இருக்கிற தாளில் போட்டிருக்கும். சி கோடு தோணியை நேரடியாகப் பிடிக்கிறது, அதற்குக் கயிறே தேவையில்லை. சலம் கடைசிவரை ஓடியது, துகள்கள் வந்து சேர்ந்தன, அவ்வளவைத்தான் அது சொல்கிறது. கொக்கி விளைவு நடக்கும்போதும் சி கோடு அழகாக, கடும் சிவப்பாக நிற்கும். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

கிண்ணியா பூ | திங்கள், இரவு 11.02

ரகு தம்பிக்கும் அண்ணாவுக்கும் நன்றி. எனக்கு இப்போதுதான் மனதில் ஒரு வெளிச்சம். எனக்கு நாள் தள்ளி 6 நாள். மூன்று தரம் பார்த்தேன், ஒரு கோடுதான். குமட்டலும் இருக்கிறது, மார்பும் வலிக்கிறது. கல்யாணம் முடித்து 4 வருடம். எனக்கும் ஹோர்மோன் கூடித்தான் ஒரு கோடு வந்திருக்கும் போல. சலத்தில் தண்ணீர் கலந்து பார்க்கட்டுமா?

கண்ணாடிக்குழாய் | திங்கள், இரவு 11.25

தங்கச்சி, உங்கள் ஆசையை உடைக்க எனக்கு விருப்பமில்லை, ஆனால் பொய்யான நம்பிக்கையையும் தர முடியாது. 6 நாள் தள்ளிய நேரத்தில் கர்ப்பம் இருந்தாலும் ஹோர்மோன் பெரும்பாலும் நூற்றுக்கணக்கில்தான் இருக்கும், கூடிப் போனால் ஆயிரத்தைத் தொடலாம். கயிறு கூடிப் போகிற நிலைக்கு அது இலட்சக்கணக்கில் போக வேண்டும். அந்த இடைவெளி சின்னது இல்லை. 6 நாளில் கொக்கி விளைவு வராது.

தண்ணீர் கலக்கவே கலக்காதீர்கள். உங்களுக்குக் கர்ப்பம் இருந்தால் இருக்கிற கொஞ்ச ஹோர்மோனும் மெலிந்து, வரவேண்டிய கோடும் வராமல் போகும். உங்களுக்கு மாமியின் புத்திமதிதான் பொருந்தும். ஒரு கிழமை பொறுத்து, விடியச் சலத்தில் ஒரு தரம் பாருங்கள். முட்டை பிந்தி வெளிவந்த மாதமாக இருந்தால் அப்போது தெரியும். அதற்கு மேலும் நாள் வரவில்லை என்றால் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

கிண்ணியா பூ | திங்கள், இரவு 11.31

சரி அண்ணா. பொறுத்துப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற குடும்பநலம் | செவ்வாய், காலை 5.50

நான் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக வீடு வீடாகச் சைக்கிளில் திரிந்தவள். இரவே பார்த்திருந்தால் இரவே எழுதியிருப்பேன். சாம்பல்தீவு மகள், புறப்படுவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்து வையுங்கள். டொக்டர் கேட்பார்.

ஒன்று, மச்சாளை மல்லாக்கப் படுக்க வைத்து, சலம் கழித்த பிறகு, அடிவயிற்றைக் கையால் தொட்டுப் பாருங்கள். அழுத்த வேண்டாம். 12 வாரத்தில்தான் கருப்பை மெதுவாக இடுப்பெலும்புக்கு மேலே எட்டிப் பார்க்கும். 11 வாரத்தில் வெளியே தட்டுப்படவே கூடாது. தொப்புளுக்குப் பாதி வழி வரை திரட்சியாக இருந்தால் அது 16 வாரத்து அளவு.

அப்புறம், இரண்டு கையையும் நீட்டச் சொல்லி விரல் நடுங்குகிறதா என்று பாருங்கள். நெஞ்சு படபடக்கிறதா, வெயில் இல்லாமலே வியர்க்கிறதா என்றும் கேளுங்கள். மூன்றாவது, இதுவரை பட்ட இரத்தத்தில் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் மாதிரி ஏதாவது விழுந்ததா?

முதல் தரம் கோடு வந்த நாளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். "முதலில் இருந்தது, இப்போது இல்லை" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கொப்பியில் நெகட்டிவ் என்று மட்டும் எழுதியிருந்தால் அடுத்து பார்க்கிறவரும் அதை வைத்தே யோசிப்பார்.

சாம்பல்தீவுக்காரி | செவ்வாய், காலை 6.30

அம்மா, கை நடுங்குகிறது. தேத்தண்ணீர்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் நேற்றே கொட்டினாள், நாங்கள் சாப்பிடாத பலவீனம் என்று நினைத்தோம். வயிறும் நீங்கள் சொன்ன மாதிரித்தான், தொப்புளுக்குப் பாதி வழியில் கல் மாதிரித் திரட்சி.

இன்னொன்றும் நடந்தது. கண்ணாடிக்குழாய் அண்ணா கிண்ணியாத் தங்கச்சிக்கு வேண்டாம் என்று சொன்னதை என் தம்பி வாசித்துவிட்டு, "அப்படியானால் எங்களுக்கு அதுதான் தேவை" என்று இரவு 12 மணிக்குச் செய்து பார்த்தான். வீட்டில் மிச்சம் மூன்று குச்சியும், ஊசி இல்லாத ஒரு 5 மில்லி சிரிஞ்சும் இருந்தன. மூன்று கிளாசைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தான். முதல் கிளாசில் சலம் அப்படியே. அதில் இருந்து அரை மில்லி எடுத்து, போத்தல் தண்ணீர் நாலரை மில்லி சேர்த்து இரண்டாவது. இரண்டாவதில் இருந்து அரை மில்லி எடுத்து மறுபடி நாலரை மில்லித் தண்ணீர் சேர்த்து மூன்றாவது. சிரிஞ்சை ஒவ்வொரு தரமும் கழுவினான்.

முதல் குச்சியில் ஒரே கோடு. இரண்டாவதில் டி இருக்கும் இடத்தில் ரோஜாப்பூ நிறத்தில் ஒரு நிழல். மூன்றாவதில், தண்ணீர்தான் கிட்டத்தட்ட முழுக்க, அதில் இரண்டு கோடும் ஒரே கடும் சிவப்பு. அவன் அந்த மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தான்.

ஆட்டோ வந்துவிட்டது. போகிறோம்.

மூதூர் ரகு | செவ்வாய், காலை 7.15

தம்பி கெட்டிக்காரன். பாருங்கள், இப்படித் தண்ணீர் கலந்து பார்க்கிற முறையை எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தால் எத்தனை பேர் தப்பலாம். பாமசியிலேயே தாளில் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற குடும்பநலம் | செவ்வாய், காலை 7.40

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நேற்று இரவு இங்கேயே ஒரு பிள்ளை 6 நாளில் தண்ணீர் கலக்கக் கேட்டதே, அதற்குள் மறந்துவிட்டீர்களா? கோடு வராத ஒவ்வொரு பெண்ணும் சலத்தில் தண்ணீர் ஊற்றத் தொடங்கினால், குழாயில் பிள்ளை தங்கிக் கொஞ்சமாக ஹோர்மோன் சுரக்கிற பெண்ணுக்கு அந்தக் கொஞ்சமும் மறைந்துவிடும். வயிற்றுக்குள் இரத்தம் கசிகிற பெண் "இல்லை" என்று நம்பி வீட்டில் படுத்திருப்பாள். எனக்கு அப்படி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவம் இருக்கிறது.

கண்ணாடிக்குழாய் | செவ்வாய், மதியம் 12.20

அம்மா சொல்வதில் பாதிக்கு மேல் நான் சேர்கிறேன். ஆனால் இந்தத் தம்பி செய்ததில் பிழை இல்லை. ஏன் என்றால் அவனிடம் 6 வாரத்துக்கு முந்திய இரண்டு கோடு இருந்தது. தண்ணீர் கலந்து பார்ப்பது ஒரு பக்கம் மட்டும் பேசுகிற சோதனை. கலந்த பிறகு கோடு வந்தால் அது பெரிய செய்தி. கலந்த பிறகும் வராவிட்டால் அதில் இருந்து ஒன்றுமே தெரிந்துகொள்ள முடியாது. இந்த இரண்டாவது பாதியை விளங்கிக்கொள்ளாதவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கும் பயம் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் நாங்கள் சேலைனில் கலப்போம், பக்கத்திலேயே ஹோர்மோன் இல்லாத சலம் ஒன்றையும் வைத்துப் பார்ப்போம். வீட்டில் அது நடக்காது.

ரகு, ஒரு திருத்தமும். நான் நேற்றுச் சொன்ன இலட்சக்கணக்கான அளவு எல்லாக் கொக்கி விளைவுக்கும் தேவையில்லை. கர்ப்பம் 5 வாரம் தாண்டிய பிறகு சலத்தில் முழு எச்.சி.ஜி.யைவிட அதன் உடைந்த துண்டு ஒன்றுதான் கூடுதலாக இருக்கும், பீட்டா கோர் என்று சொல்வோம். சில குச்சிகளில் முளை அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்ளும், தோணிக்கோ அந்தத் துண்டில் மாட்ட இடம் இருக்காது. அரைக் கயிறு முளைகளை எல்லாம் அடைத்துக்கொண்டால் முழுக் கயிறு வந்தும் பிரயோசனமில்லை. இதனால் எந்தக் கோளாறும் இல்லாத கர்ப்பத்திலும் 8, 10, 12 வாரங்களில் கோடு மங்கலாம், மறையலாம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் ஆன் க்ரோனோவ்ஸ்கி என்பவரின் குழு வைத்தியசாலைகளில் பாவிக்கிற 11 வகைக் கருவிகளை இதற்கென்றே சோதித்தது. கருவிக்குக் கருவி பெரிய வித்தியாசம், சில அவ்வளவாக ஏமாறவில்லை, சில மோசமாக ஏமாறின. அதனால் மறைந்த கோட்டை வைத்தே கெட்டதுதான் என்றும் முடிவு கட்ட முடியாது.

தம்பலகாமம் வயல் | செவ்வாய், மாலை 6.05

சாம்பல்தீவு அக்காவிடம் இருந்து ஏதும் செய்தி?

சாம்பல்தீவுக்காரி | செவ்வாய், இரவு 9.50

இப்போதுதான் வாட்டில் இருந்து வந்து குந்தினேன்.

ஸ்கேனில் பிள்ளை இல்லை. கருப்பை முழுக்கச் சவ்வரிசி அவித்துக் கொட்டின மாதிரி வெள்ளை மணிமணியாக இருக்கிறது என்று டொக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று தமிழ்நாட்டில் சொல்வார்களாம். நஞ்சுக்கொடி மட்டும் நீர்க்கொப்புளங்களாகப் பெருகி வளர்கிறது, உள்ளே பிள்ளை உருவாகவே இல்லை. அதுதான் இவ்வளவு ஹோர்மோனையும் கொட்டியிருக்கிறது. ஹோர்மோன் தைரொயிட்டையும் தூண்டிவிட்டதாம், அதனால்தான் கை நடுக்கம். மயக்க மருந்து கொடுக்குமுன் அதை அடக்க மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள். நாளை மறுநாள் உறிஞ்சி எடுப்பார்கள்.

இரத்தத்தில் எச்.சி.ஜி. பார்த்தார்கள். மெஷின் முதலில் எண் தராமல் 10,000க்கு மேல் என்று மட்டும் சொன்னதாம். பிறகு நூறு மடங்கு கலந்து ஓட்டி 612,000 என்று வந்தது.

மச்சாள் இப்போதுதான் சேலைன் ஏறி நித்திரை. முழித்திருந்தபோது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பிள்ளை ஒரு நாளும் இருக்கவே இல்லையா, அக்கா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உப்புவெளி மாமி | செவ்வாய், இரவு 10.02

என் செல்லமே. நான் விடியச் சலம் பார் என்று சொன்னதற்கு மன்னித்துக்கொள் மகள். நல்ல வேளை நீங்கள் காத்திருக்கவில்லை.

ஓய்வுபெற்ற குடும்பநலம் | செவ்வாய், இரவு 10.15

மகள், அவள் கேட்டதற்கு இப்படிச் சொல்லுங்கள். அவள் செய்த எதனாலும் இது வரவில்லை. கரு உண்டான நிமிடத்திலேயே, தாயின் பங்கு இல்லாத முட்டையில் தகப்பனின் பங்கு மட்டும் இரட்டித்துப் போனதால் வருவது. தூக்கினதாலோ, பப்பாசி சாப்பிட்டதாலோ, ஆட்டோவில் போனதாலோ இல்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகச் சொல்லுவார்கள், அதற்கு முன் இதை அவள் காதில் போட்டு வையுங்கள். அடுத்த பிள்ளை நன்றாகப் பிறக்கிற வாய்ப்பே கூட.

கண்ணாடிக்குழாய் | செவ்வாய், இரவு 10.40

கருப்பை சுத்தமானதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள், அக்கா. கிழமைக்கு ஒரு தரம் இரத்தத்தில் எச்.சி.ஜி. பார்ப்பார்கள். இறங்கி வழமைக்கு வந்த பிறகும் மாதத்துக்கு ஒரு தரம் என்று தொடரும், எத்தனை மாதம் என்பதை அவர்கள் சொல்வார்கள். இறங்காமல் நின்றாலோ மறுபடி ஏறினாலோ கொப்புளத் திசு எங்கோ மிச்சம் இருந்து வளர்கிறது என்று அர்த்தம். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் நேரத்தோடு கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலம் முடியும்வரை அடுத்த பிள்ளை வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். புதுக் கர்ப்பம் வந்தால் ஏறுகிற ஹோர்மோன் எதனுடையது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஒரே ஆய்வுகூடத்தில் பாருங்கள். பரிசோதனைச் சீட்டில் "முத்துப்பிள்ளைக்குப் பின் தொடர்பரிசோதனை" என்பதை எழுதச் சொல்லுங்கள். இரத்த மெஷினும் சில வகையில் இதே மாதிரி ஏமாறக் கூடியதுதான். விஷயம் தெரிந்தால் நாங்கள் கலந்தும் ஓட்டிப் பார்ப்போம்.

மூதூர் ரகு | புதன், காலை 8.10

அக்கா, இரட்டை என்று எழுதியது என் மனதைக் குத்துகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தக் கிளினிக்கைப் பற்றி முறைப்பாடு செய்ய மாட்டீர்களா?

ஓய்வுபெற்ற குடும்பநலம் | புதன், காலை 8.45

முறைப்பாடு அவர்களுடைய விருப்பம். என் எண்ணம், நேரில் போய் மூன்று குச்சியையும் மேசையில் வைத்துக் காட்டினால் அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சாகும்வரை மறக்க மாட்டார்கள்.

கண்ணாடிக்குழாய் | புதன், காலை 9.30

கிளினிக்கில் செய்த பிழை குச்சியை வாசித்ததில் இல்லை. ஒரு கோட்டை ஒரு கோடு என்றுதான் வாசித்தார்கள். முன்பு இருந்த இரண்டு கோட்டையும், நிற்காத சத்தியையும் அதோடு சேர்த்து வைக்கவில்லை, ஸ்கேனுக்கு வேறு இடம் அனுப்பவில்லை. முறைப்பாடு எழுதினால் அதை எழுதுங்கள்.

சாம்பல்தீவுக்காரி | 15 நாள் கழித்து, வியாழன், இரவு 8.20

எல்லாரும் விசாரித்திருக்கிறீர்கள், நன்றி. மச்சாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். சத்தி நின்றுவிட்டது, கை நடுக்கமும் இல்லை, நேற்று ஒரு கோப்பை கஞ்சி முழுக்கக் குடித்தாள். தசைப் பரிசோதனையிலும் முழு முத்துப்பிள்ளை என்றே வந்தது. இரத்தத்தில் முதல் கிழமை 38,000, இந்தக் கிழமை 2,900.

இன்றைக்கு ஒரு விஷயம் நடந்தது, அதைக் கேட்கத்தான் வந்தேன். மேசை லாச்சியில் ஒரு குச்சி மிஞ்சிக் கிடந்திருக்கிறது. மச்சாள் யாருக்கும் சொல்லாமல் பார்த்திருக்கிறாள். இரண்டு கோடு, ஆரம்பத்தில் வந்த மாதிரியே கடும் சிவப்பு, தண்ணீர் ஒரு துளியும் கலக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்று அழுகிறாள். மாமி பிள்ளை திரும்பி வந்துவிட்டது என்று விளக்கேற்றப் போகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. மறுபடி வளர்கிறதா?

கண்ணாடிக்குழாய் | வியாழன், இரவு 8.41

இல்லை அக்கா, பயப்படாதீர்கள். 6 இலட்சத்தில் கயிறு கூடிப்போய்க் கோடு மறைந்தது. இப்போது 2,900க்கு இறங்கிவிட்டது, குச்சிக்குச் சரியான அளவுக்குள் வந்துவிட்டது, அதனால் கோடு திரும்பத் தெரிகிறது. ஹோர்மோன் இறங்குவதால் வந்த கோடு இது. இன்னும் சில கிழமைக்கு இப்படித்தான் வரும், மெல்ல மங்கி ஒரு நாள் நிற்கும். 38,000 இல் இருந்து 2,900 நல்ல இறக்கம்.

மிச்சக் குச்சி இருந்தால் வீட்டில் வைக்காதீர்கள். அடுத்த இரத்தப் பரிசோதனை என்றைக்கு?

சாம்பல்தீவுக்காரி | வியாழன், இரவு 8.50

செவ்வாய். மாமியிடம் போய்ச் சொல்கிறேன். அண்ணா, அன்றைக்கு மறைந்தது அந்த முழு ஹோர்மோனாலா, நீங்கள் சொன்ன துண்டாலா? தம்பி கேட்கிறான்.

கண்ணாடிக்குழாய் | வியாழன், இரவு 9.04

நூறு மடங்கு கலந்ததும் கோடு திரும்பியது இரண்டுக்கும் பொருந்தும். 6 இலட்சம் என்கிறபடியால் முழு ஹோர்மோனே போதும் என்று நான் நினைக்கிறேன், ஆனால் அந்தச் சலத்தில் துண்டை அளந்து பார்க்காமல் சத்தியம் பண்ண மாட்டேன். தம்பி பாவித்த குச்சியின் பெட்டி இன்னும் இருந்தால் தொகுதி இலக்கத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

கிண்ணியா பூ | வியாழன், இரவு 9.30

சாம்பல்தீவு அக்கா, உங்கள் மச்சாளுக்காக துஆ செய்கிறேன். எனக்கு அடுத்த கிழமையே நாள் வந்துவிட்டது. அண்ணா சொன்னபடி பொறுத்திருந்தேன், தண்ணீர் கலக்கவில்லை. வருகிற மாதம் இருவருமாகக் கிளினிக்குக்குப் போக நாள் எடுத்திருக்கிறோம்.